தொப்பியும் வேண்டாம், இல்லாத ரிசல்ட்டும் வேண்டாம்: பயிற்சி மையத்துக்குப் போர்டில் என்னதான் போடுவது?

அம்பை வாத்தியார்
எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் மாடியில் இரண்டு அறை பிடித்து குரூப் 4 பயிற்சி மையம் ஆரம்பித்திருக்கிறேன். இது முதல் பேட்ச், 34 பேர். இதற்கு முன் ஆறு வருஷம் திருநெல்வேலியில் வேறொரு மையத்தில் தமிழ் எடுத்தேன். மாடிப்படிக்கு மேலே 8 அடிக்கு 4 அடி போர்டு வைக்க இடம் இருக்கிறது. டிசைன் பண்ணிக் கொடுத்த பையன் முதல் மாதிரியை அனுப்பினான். நாலு பேர் கறுப்பு அங்கி போட்டு, பட்டமளிப்புத் தொப்பியை வானத்தில் வீசுகிறார்கள். பின்னால் சூரியன் உதிக்கிறது. கீழே "100% வெற்றி", அதற்குக் கீழே ஆறு கட்டம். "கட்டத்தில் பாஸ் ஆன பிள்ளைகள் போட்டோ போட்டுக்கலாம் சார்" என்றான். பாஸ் ஆனவர்கள் யாரும் இன்னும் இல்லையப்பா என்றேன். "எல்லாரும் போடுறதுதானே" என்று சொல்லிவிட்டான்.

எனக்கு வேண்டியது, கவனமாகப் படிக்கிற பிள்ளைகளும் கொஞ்சம் நம்பிக்கையும் தெரிகிற மாதிரி ஒரு போர்டு. பொய் இருக்கக்கூடாது. எப்படிச் செய்வது?

டவுன்காரன்
தொப்பி, அங்கி வாடகைக்கு வேணும்னா சொல்லுங்க. எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் யூகேஜி பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் எடுக்கிறார்கள். கடையைக் கேட்டுச் சொல்கிறேன்.

அம்பை வாத்தியார்
அண்ணாச்சி, தலைப்பில் "வேண்டாம்" என்று போட்டிருக்கிறேன்.

டவுன்காரன்
அட, கவனிக்கல. சரி.

பொதிகைச் சாரல்
தொப்பி பழசாகிப்போன படம் என்பது இருக்கட்டும். குரூப் 4 போர்டில் அது தப்பான தகவலும்கூட. குரூப் 4 எழுதப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி இருந்தால் போதும், டிகிரி தேவையில்லை. அந்தத் தொப்பியைப் பார்க்கிற ஒரு பத்தாங்கிளாஸ் பாஸ் பெண், "இது காலேஜ் முடிச்சவங்களுக்கு" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாள். நானே அப்படி இரண்டு வருஷம் போயிருக்கிறேன். கல்யாணம் ஆகி விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தபோது பஸ்ஸில் இருந்து தினமும் ஒரு மையத்தின் போர்டைப் பார்ப்பேன். கோட் சூட், தொப்பி, உலக உருண்டை எல்லாம் இருக்கும். உள்ளே போய்க் கேட்கவே தோன்றவில்லை. அப்புறம் என் நாத்தனார் சொல்லித்தான் பத்தாவது போதும் என்று தெரிந்தது.

உங்கள் போர்டில் பெரிய எழுத்தில் வரவேண்டியது "பத்தாம் வகுப்பு போதும்" என்கிற வரிதான். நம்பிக்கை அதிலேயே வந்துவிடும்.

வக்கீல் குமாஸ்தா
நல்ல யோசனை, ஆனால் "போதும்" என்று மொட்டையாகப் போடாதீர்கள். இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பதவிகளுக்குப் பத்தாம் வகுப்பு சரி. தட்டச்சர் பதவிக்கு டைப்ரைட்டிங் தேர்ச்சியும் வேண்டும். வேறு தகுதி கேட்கிற பதவிகளும் அறிவிக்கையில் சேர்ந்து வருகின்றன. "பெரும்பாலான பதவிகளுக்குப் பத்தாம் வகுப்பு" என்று போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

பொதிகைச் சாரல்
சரிதான். "பெரும்பாலான" என்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

மேலப்பாளையம் பாய்
தம்பி, ரொம்ப யோசிக்கிறீங்க. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரத்துக்கு வழிகாட்டு நெறி போட்டது உண்மைதான். ஆனால் அது ஐம்பது பேருக்கு மேல் படிக்கிற மையத்துக்குத்தான். உங்ககிட்ட 34 பேர். உங்களுக்குப் பொருந்தாது. 100% போட்டுட்டு ஓரமா சின்னதா ஸ்டார் குறி போட்டு "நிபந்தனைக்குட்பட்டது"ன்னு எழுதிடுங்க. எல்லா வியாபாரத்திலும் அப்படித்தான்.

வக்கீல் குமாஸ்தா
பாய், பாதி சரியாகச் சொன்னீர்கள். அந்த நெறிமுறையில் ஐம்பதுக்கு மேல் என்றுதான் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அந்தச் சட்டத்தில் தலைக்கணக்கு கிடையாது. மளிகைக்கடைக்கும் பொருந்தும், 34 பேர் மையத்துக்கும் பொருந்தும். முதல் தடவைக்கே 10 லட்சம் வரை அபராதம் போடலாம்.

அந்த ஸ்டார் குறி வித்தையும் ஓடாது. மறுப்புக் குறிப்பு, சொல்கிற பெருமை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் இருக்கவேண்டும் என்று நெறிமுறையே சொல்கிறது. "100% வெற்றி" ஒரு அடி உயரம் என்றால் "நிபந்தனைக்குட்பட்டது" என்பதும் ஒரு அடி. அப்படி ஒரு போர்டை வைத்துப் பாருங்கள், ஊரே சிரிக்கும்.

உங்கள் பேட்ச் ஐம்பதைத் தாண்டுகிற அன்றைக்குப் போர்டைக் கழற்றி வேறு மாட்டவா போகிறீர்கள்? இப்போதே அதற்குத் தகுந்த மாதிரி செய்துவிடுங்கள்.

அம்பை வாத்தியார்
இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். பழைய மையத்தில் நான் தமிழ் எடுத்த பிள்ளைகள் சிலர் இப்போது வேலையில் இருக்கிறார்கள். இரண்டு பேர் இன்னமும் பண்டிகைக்கு போன் பண்ணுவார்கள். "சார், என் போட்டோ போட்டுக்கோங்க" என்று அவர்களே சொல்கிறார்கள். போடலாமா?

மேலப்பாளையம் பாய்
தாராளமா. நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?

பொதிகைச் சாரல்
கூடாது என்பேன். என் கதையைச் சொல்கிறேன். நான் ஒரு மையத்தில் ஒரே ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன், இலவசத் தேர்வு. படித்ததெல்லாம் வீட்டிலும் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும். ரிசல்ட் வந்த மறுவாரம் என் போட்டோ அந்த மையத்தின் பேனரில் இருக்கிறது! மாதிரித் தேர்வுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கி, முகம் கலங்கி, அதன் கீழே "எங்கள் மாணவி". என் மாமனார் பேனரைப் பார்த்துவிட்டு, "இங்க எவ்வளவு பீஸ் கட்டினே, சொல்லவே இல்லையே" என்று கேட்டார். அந்த வீட்டில் அன்றைக்கு நடந்ததை எழுத மாட்டேன்.

வக்கீல் குமாஸ்தா
இது எல்லா மட்டத்திலும் நடப்பதுதான். சிவில் சர்வீஸ் மையங்கள் பலவற்றுக்கு ஆணையம் அபராதம் போட்டதன் காரணமே இதுதான். படம் போட்ட தேர்ச்சியாளர்களில் நிறையப் பேர் நேர்முகத் தேர்வுக்கான இலவசப் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள். விளம்பரம் அதை மறைத்துவிட்டு, வருஷக் கணக்கில் அங்கேயே படித்த மாதிரிக் காட்டியது. அதனால்தான் இப்போது படத்தோடு தர வரிசை, எந்தப் படிப்பு, எத்தனை காலம், காசு கட்டியதா இலவசமா என்பதெல்லாம் வரவேண்டும். சம்மதமும் எழுத்தில் வேண்டும், அதுவும் ஜெயித்த பிறகு வாங்கியதாக இருக்கவேண்டும். சேரும்போதே விண்ணப்பத்தில் ஒரு வரியைச் சேர்த்து வாங்கிக்கொண்டால் செல்லாது.

வாத்தியார் விஷயம் கொஞ்சம் வேறு. அவர் நிஜமாகவே அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். படம் இல்லாமல், "ஆறு ஆண்டு குரூப் 4 தமிழ் கற்பித்த ஆசிரியர்" என்று ஒரு வரி போட்டால் அது உண்மை. படம் போட்டால், என்ன விளக்கம் எழுதினாலும் ரோட்டில் போகிறவன் இந்த மாடியில் படித்தவர்கள் என்றுதான் நினைப்பான்.

மேலப்பாளையம் பாய்
அப்போ டாக்டர் பழைய ஆஸ்பத்திரியில் பண்ணின ஆபரேஷனைச் சொல்லக்கூடாதா? எனக்கு இது ஒப்பவில்லை. அவருடைய உழைப்பு அது.

வக்கீல் குமாஸ்தா
சொல்லலாம். நோயாளி போட்டோவை வாசலில் மாட்டமுடியாது.

பிளெக்ஸ் பட்டறை
சட்டம் நீங்கள் பேசுங்கள். நான் வண்ணார்பேட்டையில் பதினாலு வருஷமாகப் பிளெக்ஸ் அடிக்கிறேன், படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நெட்டில் எடுக்கிற "படிக்கும் மாணவர்கள்" படம் எதுவும் இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது. போன வருஷம் ஒரு மையத்துக்கு அடித்தோம். அழகான படம், ஒரு பெண் விடைத்தாளில் வட்டத்தைப் பென்சிலால் நிரப்புகிறாள். போர்டு மாட்டிய அன்றைக்கே பிள்ளைகள் போட்டோ எடுத்து கிண்டல் பண்ணிவிட்டார்கள். டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் கறுப்பு மை பால்பாயின்ட் பேனாதான். ஒவ்வொரு கேள்விக்கும் A முதல் E வரை ஐந்து வட்டம், E என்றால் விடை தெரியவில்லை. அந்தப் படத்தில் நாலே வட்டம், கையில் பென்சில். "இவங்க எந்த ஊர் பரீட்சைக்குச் சொல்லித் தர்றாங்க" என்று கேட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் முகத்தைவிடத் தாளைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதனால் உங்கள் பிள்ளைகளையே எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு வைப்பீர்கள்தானே, அப்போது எடுங்கள். போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள். முதல் இருபது நிமிஷம் எல்லாரும் போட்டோவுக்காகவே படிப்பார்கள், முதுகை நிமிர்த்திக்கொண்டு. அதை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழிந்தால் உங்களையே மறந்துவிடுவார்கள். ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும், டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் முகம் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள் என்று அச்சில் வரும். நின்றுகொண்டு மேலே இருந்து எடுத்தால் தலைமுடிதான் தெரியும். பெஞ்ச் உயரத்துக்குக் குனிந்து, பக்கவாட்டில் இருந்து எடுங்கள்.

எல்லாரும் குனிந்தே இருக்கவேண்டும் என்றில்லை. மனக்கணக்குப் போடுகிற பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், உதடு அசையும். அதைவிடக் கவனத்தைக் காட்டுகிற முகம் வேறு கிடையாது.

தென்காசி ரோடு
படம் எல்லாம் சரி, ஆனால் நம்பிக்கை எங்கே? குனிந்து எழுதுகிற படம் சோகமாகத் தெரியும். என் யோசனை: ஒரு ஓலைக் குடிசை, ராத்திரி பன்னிரண்டு மணி, சிம்னி விளக்கு, ஒரு பெண் மடியில் பீடித் தட்டு, பக்கத்தில் திறந்த புத்தகம். நம்ம ஊர் மண்வாசனையும் வந்துவிடும். அப்படியே கண்ணில் தண்ணீர் வரும்.

முக்கூடல் மகள்
ஐயா, எங்க அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைத்தாள். நானும் சுற்றியிருக்கிறேன். இலை வெட்டுகிற கையால் பக்கம் புரட்டினால் புத்தகம் முழுக்கத் தூள் படியும், ஒருத்தரும் மடியில் தட்டு வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்துவைக்க மாட்டார்கள். அதை விடுங்கள். எங்கள் கஷ்டத்தை வைத்து வேறொருவர் பீஸ் வசூலிப்பதற்குப் படம் போடவேண்டாம். நான் அந்தப் போர்டைப் பார்த்தால் உள்ளே வரமாட்டேன். என்னைப் பார்த்துப் பாவப்படுகிற இடத்தில் போய் எப்படிப் படிப்பது?

வக்கீல் குமாஸ்தா
விளம்பரத் தர நிர்ணயக் குழு, அதான் ASCI, 2023இல் கல்வி விளம்பரங்களுக்கான விதியைத் திருத்தியது. பள்ளிப் பிள்ளைகள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டுப் படிக்கிற மாதிரிக் காட்டக்கூடாது என்று அதில் சேர்த்தார்கள். மார்க் குறைந்தவரைத் தோற்றவராகக் காட்டக்கூடாது என்றும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான விதிதான், ஆனாலும் பன்னிரண்டு மணி சிம்னி விளக்கை இதற்கும் தவிர்ப்பது நல்லது.

தென்காசி ரோடு
தப்பாக நினைக்கவேண்டாம் தங்கச்சி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

முக்கூடல் மகள்
தெரியும் அண்ணே. நம்பிக்கை எங்கே என்று கேட்டீர்களே, எனக்கு எங்கே வந்தது என்று சொல்கிறேன். என் வாத்தியார் திருத்திய தாளைத் திருப்பித் தருவார். முதல் தாளில் தமிழ்ப் பகுதியில் 100 கேள்விக்கு 41 சரி. மூணாவது மாதம் 72. அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டாசு வெடிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

பிளெக்ஸ் பட்டறை
படம் கிடைத்துவிட்டது வாத்தியாரே! தேர்வு முடிந்து விடைக்குறிப்பு பார்க்கிற நேரத்தை எடுங்கள். இரண்டு பேர் ஒரே தாளைக் குனிந்து பார்ப்பார்கள், ஒருத்தி வாயில் கையை வைத்திருப்பாள், ஒருத்தி சிரிப்பை அடக்குவாள். கவனமும் இருக்கும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்பதும் இருக்கும்.

அம்பை வாத்தியார்
(ஒன்பது நாள் கழித்து) எடுத்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் ஞாயிறு எடுத்தது எல்லாம் வீண். பின்சுவரில் நகைக்கடைக் காலண்டர் பளிச்சென்று விழுந்திருந்தது. இரண்டாவது ஞாயிறு காலண்டரைக் கழற்றினேன். 200 கேள்வி, மூன்று மணி நேரம். முடிந்ததும் விடைக்குறிப்பை பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டேன். போனிலேயே எடுத்தேன். ஒரு படம் அமைந்தது. கடையத்தில் இருந்து செங்கோட்டை பாசஞ்சரில் வருகிற பெண்ணும் கல்லிடைக்குறிச்சிப் பெண்ணும். ஒருத்தி விரல் ஒரு கேள்விமேல் இருக்கிறது, மற்றவள் "ஐயோ" என்கிற முகம், ஆனால் கண் சிரிக்கிறது.

எல்லாரிடமும் எழுதி வாங்கினேன். பெரிதாக ஒன்றுமில்லை, இந்தப் படத்தை மாடிப்படி போர்டில் மட்டும் ஒரு வருஷம் வைப்பேன், எப்போது வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவேன் என்று தமிழில் நாலு வரி. மறுநாள் கடையத்துப் பெண் வந்து, "சார், நான் இங்க வர்றது எங்க மாமியார் வீட்டுக்குத் தெரியாது" என்றாள். தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். படம் போச்சு.

பொதிகைச் சாரல்
கிழித்ததற்கு நன்றி சார். எனக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

பிளெக்ஸ் பட்டறை
படம் போகவில்லை. அதே படத்தில் முகத்தை வெட்டிவிட்டு, இரண்டு பேர் கையும் தாளும் மட்டும் வைத்தால்? விரல் ஒரு கேள்விமேல், பேனா இன்னொரு கையில். மோதிரம், கடிகாரம் என்று அடையாளம் தெரிகிற எதுவும் இருக்கக்கூடாது. தாளில் பெயரும் பதிவெண்ணும் தெரியவே கூடாது. அந்தப் பெண்ணிடம் மறுபடி கேளுங்கள், அவள் சரி என்றால் மட்டும்.

இன்னொன்று, படத்தை வாட்ஸப்பில் சும்மா அனுப்பாதீர்கள். போனில் 4000 புள்ளி அகலம் இருக்கிற படம் அதில் சுமார் 1600 ஆகச் சுருங்கிவிடும். எட்டடி போர்டில் அது கட்டம் கட்டமாக உடையும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வரி என்ன போடப்போகிறீர்கள்?

அம்பை வாத்தியார்
கேட்டுவிட்டேன், கை மட்டும் என்றால் சரி என்றாள். வரி இது: "டிஎன்பிஎஸ்சி குரூப் 4. பெரும்பாலான பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. ஞாயிறுதோறும் 200 கேள்வித் தேர்வு, திருத்திய தாள் செவ்வாய்க்கிழமை கையில். மாலை வகுப்பு கடைசி பாசஞ்சருக்கு முன்பே முடியும். ஆறு ஆண்டு தமிழ் கற்பித்த ஆசிரியர். இது எங்கள் முதல் பேட்ச், ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஒரு ஞாயிறு சும்மா வந்து எழுதிப் பாருங்கள்."

பிளெக்ஸ் பட்டறை
இது நோட்டீஸுக்கு ஆகும், போர்டுக்கு ஆகாது. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர் எவ்வளவு தூரம்? அறுபது அடி என்று வையுங்கள். பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்பது எங்கள் கணக்கு, ஆக ஆறு அங்குல எழுத்து. படத்துக்குப் பாதிப் போர்டு போனால் மிச்சம் நாலடி. ஆறு அங்குலத்தில் ஒரு வரிக்கு ஏழெட்டு எழுத்துதான் உட்காரும். தமிழில் "கு", "ரூ" கீழே இறங்கும், "கி", "கீ" மேலே ஏறும், அதனால் வரிக்குப் பத்து அங்குலம் விடவேண்டும். "குரூப் 4" மட்டும் ஆறு அங்குலம், பத்தாம் வகுப்பு வரியும் ஞாயிறு தேர்வு வரியும் மூன்று அங்குலம். மற்றதெல்லாம் படியில் ஏறுகிற இடத்தில் ஒரு தாளில் ஒட்டுங்கள். ஒல்லி எழுத்தும் வேண்டாம், தூரத்தில் புள்ளி மறைந்துவிடும். புள்ளி போனால் "வகுப்பு" என்பது "வகுபபு".

மேலப்பாளையம் பாய்
"ரிசல்ட் இன்னும் வரவில்லை" என்று வாசலிலேயே எழுதுகிற ஒரே ஆள் நீங்கதான் தம்பி. ஒருத்தனும் வரமாட்டான். பொய் சொல்லவேண்டாம், சரி. இதை எதற்குச் சொல்லணும்?

முக்கூடல் மகள்
நான் வருவேன்.

மேலப்பாளையம் பாய்
நீ ஒருத்தி வருவே தாயி. வாடகை ஒருத்தி பீஸில் கட்டமுடியாது.

வக்கீல் குமாஸ்தா
ரிசல்ட் பற்றி எதுவுமே சொல்லாமல் இருப்பதில் சட்டப்படி தப்பில்லை. "முதல் பேட்ச்" என்று மட்டும் போட்டால் புரிகிறவருக்குப் புரியும். கேட்கிறவருக்கு நேரில் சொல்லுங்கள்.

அம்பை வாத்தியார்
வீட்டிலும் இதே சண்டைதான். "வெற்றி நிச்சயம்னாவது ஒரு வரி போடுங்க" என்கிறாள். இப்போதைக்கு "முதல் பேட்ச்" மட்டும் போர்டில், ரிசல்ட் வரி படிக்கட்டுத் தாளில். போர்டு அடிக்கக் கொடுத்துவிட்டேன்.

பிளெக்ஸ் பட்டறை
அச்சுக்கு முன் பார்க்கிற மாதிரியை அனுப்பியிருக்கிறேன். எழுத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள். உங்கள் வாட்ஸப் எழுத்து எங்கள் பழைய பாண்டில் ஏறாது, பையன் கையால்தான் திரும்ப அடித்திருக்கிறான்.

அம்பை வாத்தியார்
பார்த்தேன். "பயிற்ச்சி மையம்" என்று இருக்கிறது.

பொதிகைச் சாரல்
தமிழ் வாத்தியார் போர்டில்!

பிளெக்ஸ் பட்டறை
மன்னிச்சுக்கோங்க சார். அந்த "ச்"சை இப்பவே எடுக்கச் சொல்கிறேன். நாளைக் காலை பாபநாசம் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.